தங்கத்தின் முதல் உரைகல் விலைதான்

சந்தையில் பத்து லட்சம் ரூபாய்க்குப் போகும் நூறு கிராம் தங்க பிஸ்கட்டை ஏழு லட்சத்துக்குத் தருகிறேன் என்று முன்பின் தெரியாத ஒருவர் சொன்னால், கேட்பவரின் கண் உடனே பிஸ்கட்டின் மேல் போகிறது. மின்னுகிறதா, முத்திரை இருக்கிறதா, கையில் கனக்கிறதா என்று பார்க்கிறார். ஆனால் முதலில் சோதிக்க வேண்டியது அந்த ஏழு லட்சத்தைத்தான். துணி தேங்கினால் தள்ளுபடி தரலாம். கார் பழசானால் விலை இறங்கலாம். மனையை வாங்க ஆள் வராவிட்டால் சொந்தக்காரர் குறைத்துக் கேட்கலாம். தங்கத்துக்கு இந்தக் காரணங்கள் எதுவும் பொருந்தாது. அது கெட்டுப்போவதில்லை, மாடல் மாறுவதில்லை, வாங்க ஆளில்லாமல் கிடப்பதும் இல்லை. அதன் விலை நாள்தோறும் செய்தித்தாளில் வருகிறது, எந்த ஊர் நகைக்கடைத் தெருவிலும் அந்த விலைக்குக் கிட்டத்தட்டப் பணம் கொடுத்து எடுத்துக்கொள்ள ஆள் உண்டு. அப்படியிருக்க, அந்த ஆளிடம் போகாமல் இவர் ஏன் நம்மிடம் வருகிறார்? இந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் கிடைக்காதவரை அந்தப் பிஸ்கட்டைக் கையில் வாங்கிப் பார்ப்பதே வீண் வேலை. போலித் தங்கத்தைக் கண்டுபிடிக்கும் சோதனைகளில் செலவே இல்லாததும் தவறுவதற்கு வாய்ப்பு குறைந்ததும் விலைச் சோதனைதான். மற்ற எல்லாச் சோதனைகளும் அதற்குப் பிறகு வருபவை.

மூன்று லட்சம் எங்கிருந்து வருகிறது?

கணக்கை எளிதாக வைத்துக்கொள்வோம். சுத்தத் தங்கம் கிராம் 10,000 ரூபாய் என்றால் நூறு கிராம் பிஸ்கட் 10 லட்சம். கடையில் வாங்கும்போது 3 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்து 10 லட்சத்து 30 ஆயிரம் ஆகும். அதே பிஸ்கட்டைத் திரும்ப விற்கப் போனால், உருக்கிப் பார்க்கும் செலவையும் தன் லாபத்தையும் வியாபாரி கழித்துக்கொள்வார். அந்தக் கழிவு கடைக்குக் கடை மாறும் என்றாலும் சில சதவீதத்துக்குள் அடங்கிவிடும். ஆக, உண்மையான தங்கம் வைத்திருக்கும் எவருக்கும் ஒன்பதரை லட்சத்துக்கு மேல் கொடுக்கும் கடை ஒன்று ஆட்டோ தூரத்தில் இருக்கிறது. அதை விட்டுவிட்டு ஏழு லட்சத்துக்குத் தருபவர், அறிமுகமே இல்லாத ஒருவருக்கு இரண்டரை லட்சத்தைத் தூக்கிக் கொடுக்கிறார் என்று ஆகிறது. அவர் அப்படிக் கொடுக்கக் காரணங்கள் சிலவே இருக்க முடியும். அது தங்கம் இல்லை. அல்லது தங்கம்தான், ஆனால் அவருடையது இல்லை. அல்லது அவரிடம் எதுவுமே இல்லை, முன்பணத்தை வாங்கிக்கொண்டு மறையப் போகிறார்.

இதற்கு உடனே வரும் மறுப்பு, ‘அது கடத்தல் தங்கம், வரி கட்டாததால் மலிவு’ என்பது. விற்பவர்களே இதை ரகசியம் சொல்வதுபோல் காதில் போடுவார்கள். சட்டத்தைச் சற்று ஒதுக்கிவிட்டுக் கணக்கை மட்டும் பார்த்தாலே இந்தக் கதை நிற்காது. 2024 ஜூலை மத்திய பட்ஜெட் தங்கத்தின் இறக்குமதி வரியை 15 சதவீதத்திலிருந்து 6 சதவீதமாகக் குறைத்தது. அந்த 6 சதவீதத்தை வைத்துப் பார்த்தால், 10 லட்சம் விலையில் இறக்குமதி வரியின் பங்கு சுமார் 57 ஆயிரம். ஜிஎஸ்டி 30 ஆயிரத்தையும் சேர்த்தால் ஏறத்தாழ 87 ஆயிரம். வரி ஏய்ப்பால் மிஞ்சக்கூடிய மொத்தத் தொகை இவ்வளவுதான். இதிலும் கொண்டுவந்தவர், கைமாற்றியவர், விற்பவர் என்று பலருக்குப் பங்கு உண்டு. வரி 15 சதவீதமாக இருந்த காலத்தின் கணக்கைப் போட்டாலும் மிச்சம் ஒன்றரை லட்சத்தைச் சற்றுத் தாண்டுமே தவிர மூன்று லட்சத்தைத் தொடாது. ஆகவே முப்பது சதவீதத் தள்ளுபடிக்குக் கடத்தலைக் காரணம் சொல்பவர், கடத்தலைப் பற்றியும் பொய்தான் சொல்கிறார்.

சரி, ஐந்து சதவீதம் மட்டும் குறைத்துத் தரும் கடத்தல் தங்கம் உண்மையானதாகவே இருக்கட்டும். அப்போது ஆபத்து உலோகத்திலிருந்து உரிமைக்கு மாறுகிறது. 1962 ஆம் ஆண்டின் சுங்கச் சட்டம் 123 ஆம் பிரிவில் தங்கத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிடும் ஒரு விதியை வைத்திருக்கிறது. கடத்தல் பொருள் என்ற நியாயமான நம்பிக்கையில் அதிகாரிகள் தங்கத்தைப் பறிமுதல் செய்தால், அது கடத்தல் தங்கம் இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு அதை வைத்திருந்தவர் தலையில் விழும். ரசீது இல்லாமல் வாங்கியவரால் அதை நிரூபிக்க முடியாது. தங்கமும் போகும், கொடுத்த பணமும் போகும், வழக்கு மட்டும் மிஞ்சும். ‘சுங்கத்துறை பறிமுதல் செய்த தங்கம், அதிகாரி மூலம் சகாய விலையில்’ என்று கைபேசிக்கு வரும் செய்திகளும் இதே வகை. அரசுத்துறை தான் பறிமுதல் செய்த தங்கத்தைத் தனி ஆள் மூலம் வாட்ஸ்அப்பில் பேரம் பேசி விற்பதில்லை.

இரண்டாவது மறுப்பு மனிதாபிமானத்தைத் தொடுவது. விற்பவருக்கு அவசரம், வீட்டில் ஆபரேஷன், இன்று மாலைக்குள் பணம் வேண்டும், அதனால்தான் இந்த விலை என்கிறார்கள். அவசரம் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் நகையாக இருந்தால் வங்கியிலோ அடகுக் கடையிலோ அன்றைக்கே கடன் கிடைக்கும், பொருளும் கைவிட்டுப் போகாது. கட்டியாக இருந்தால் வங்கி ஏற்காது என்பது உண்மை. ஆனால் அதற்கும் விற்கும் கடை இருக்கிறது, கடைக்காரர் அடையாள அட்டை கேட்பார், ரசீது கேட்பார், பணத்தை வங்கிக் கணக்கில் போடுவார். அவசரப்படும் நேர்மையான மனிதருக்கு இவை தடை ஆகாது, சில மணி நேரத் தாமதம்தான். எனவே, விற்பவரின் தேவை பணத்துக்கா அல்லது அடையாளம் தெரியாமல் பணம் பெறுவதற்கா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். ஒருவரிடமிருந்து ஒரே நாளில் 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடை செய்கிறது. அதைத் தெரிந்துகொண்டே ரொக்கம்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர், தன்னைத் தேடிப் பிடிக்க வழி இருக்கக் கூடாது என்று நினைப்பவராகவே இருக்க வாய்ப்பு அதிகம்.

மூன்றாவது, புதையல் கதை. கடைக்கால் தோண்டியபோது பானை கிடைத்தது, எங்களுக்கு விற்கத் தெரியாது, பாதி விலைக்கு எடுத்துக்கொள்ளுங்கள் என்று கூலித் தொழிலாளிகள் போன்ற தோற்றத்தில் வருவார்கள். தங்கள் அறியாமையைக் காட்டி நம் ஆசையைக் கிளப்புவதுதான் இதில் உள்ள சாமர்த்தியம். இதிலும் சட்டம் தெளிவாக இருக்கிறது. 1878 ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காத புதையலை வாங்குபவருக்கு அதன் மேல் சுத்தமான உரிமை கிடையாது. ஆனால் இந்த மோசடியில் சட்டம் பேசும் அளவுக்கு விஷயம் போவதே அபூர்வம். பானைக்குள் இருப்பது பித்தளை.

எடையும் பருமனும்

விலை நியாயமாக இருந்தால் பொருள் நல்லது என்று எடுத்துக்கொள்ளலாமா? கூடாது. விலைச் சோதனை ஒரு பக்கம்தான் பேசும். பெரிய தள்ளுபடி மோசடியைக் காட்டிக்கொடுக்கும், சந்தை விலை நேர்மையைக் காட்டாது. தேர்ந்த மோசடிக்காரர் இரண்டு மூன்று சதவீதம் மட்டும் குறைத்துக் கேட்பார். அங்கேதான் உலோகச் சோதனைகள் தேவைப்படுகின்றன. எந்தச் சோதனை எதைப் பார்க்கிறது, எதைப் பார்க்காது என்று தெரியாமல் செய்தால், சோதனையே மோசடிக்காரருக்குச் சாட்சி சொல்லிவிடும்.

தங்கத்தின் பெரிய பாதுகாப்பு அதன் அடர்த்தி. ஒரு கன சென்டிமீட்டர் தங்கம் 19.3 கிராம் எடை. அதே அளவு ஈயம் 11.3 கிராம், செம்பு 9 கிராமுக்குச் சற்றுக் குறைவு, பித்தளை சுமார் 8.5 கிராம். இதனால் போலி செய்பவருக்கு ஒரு சங்கடம். பித்தளையில் செய்து எடையைச் சரியாக வைத்தால் கட்டி இரண்டு மடங்குக்கு மேல் பருத்துவிடும். பருமனைச் சரியாக வைத்தால் எடை பாதிக்கும் கீழே போய்விடும். எனவே எடையை மட்டும் பார்ப்பதும் அளவை மட்டும் பார்ப்பதும் பயனற்றவை, இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2008 இல் எத்தியோப்பியாவின் மத்திய வங்கி தென்னாப்பிரிக்காவுக்கு அனுப்பிய கட்டிகள் தங்க முலாம் பூசிய எஃகு என்று அங்கே போன பிறகுதான் தெரிந்தது. எஃகின் அடர்த்தி 8-ஐக்கூடத் தொடாது. எடையையும் பருமனையும் சேர்த்து யாராவது ஒருமுறை அளந்திருந்தால், பெட்டகத்துக்குள் போகும் முன்பே அவை பிடிபட்டிருக்கும்.

இந்தச் சோதனையை மேசை மேலேயே செய்யலாம். நூறில் ஒரு கிராம் வரை காட்டும் மின்னணுத் தராசில் ஒரு குவளைத் தண்ணீரை வைத்து, அளவைப் பூஜ்யமாக்க வேண்டும். பிஸ்கட்டை மெல்லிய நூலில் கட்டி, அடியிலோ பக்கத்திலோ படாமல் முழுவதும் நீரில் மூழ்கும்படி தொங்கவிட வேண்டும். அப்போது தராசு காட்டும் எடை, பிஸ்கட் விலக்கிய நீரின் எடை. சுத்தத் தங்கமாக இருந்தால் நூறு கிராம் பிஸ்கட்டுக்கு அது 5.18 கிராமுக்குப் பக்கத்தில் நிற்கும். ஈயம் என்றால் 8.8 கிராம் காட்டும், பித்தளை என்றால் 12-ஐ நெருங்கும். 22 கேரட் தங்கத்தை 24 கேரட் என்று விற்றால்கூட அளவு ஐந்தரைக்கு மேல் ஏறிக் காட்டிக்கொடுத்துவிடும். ஒட்டியிருக்கும் காற்றுக் குமிழிகளைத் தட்டிவிட வேண்டும், இல்லையென்றால் அளவு கூடிவிடும். உறையைப் பிரித்தால் மதிப்பு போய்விடும் என்று விற்பவர் தடுப்பார். பிரித்த பிஸ்கட்டுக்குச் சில கடைகள் சற்றுக் குறைத்துக் கொடுக்கலாம், ஆனால் உள்ளே இருக்கும் தங்கத்தின் விலை எங்கும் போகாது. பத்து லட்சம் கொடுக்கப் போகிறவர் பிளாஸ்டிக் உறைக்காகச் சோதனையை விட்டுவிட வேண்டியதில்லை.

நீர் பிடிக்காத போலி

அடர்த்தியை ஏமாற்ற ஓர் உலோகம் இருக்கிறது, அது டங்ஸ்டன். அதன் அடர்த்தி 19.25. நூறு கிராம் டங்ஸ்டனை நீரில் தொங்கவிட்டால் தராசு 5.19 காட்டும். தங்கத்துக்கும் அதற்கும் உள்ள வேறுபாடு ஒரு காற்றுக் குமிழியின் பிழைக்குள் அடங்கிவிடும். விலையிலோ தங்கத்துக்குப் பக்கத்தில்கூட வராது. 2012 இல் நியூயார்க்கில், நகை வியாபாரிகள் நிறைந்த 47 ஆம் தெருவில் பத்து அவுன்ஸ் கட்டிகள் சில பிடிபட்டன. வெளியே அசல் தங்கம், உள்ளே டங்ஸ்டன். முத்திரை இருந்தது, வரிசை எண்ணும் இருந்தது. துளையிட்டுப் பார்த்தபோதுதான் உள்ளே சாம்பல் நிறம் தெரிந்தது. வாங்கியவர் புதியவர் இல்லை, தொழிலில் ஊறிய வியாபாரி.

இந்த வகைப் போலியிடம் வழக்கமான சோதனைகள் ஏன் தோற்கின்றன என்று புரிந்துகொள்வது முக்கியம். உரைகல்லில் உரசி அமிலம் விடும்போது சோதிக்கப்படுவது கல்லில் ஒட்டிய மேல்தோல் மட்டும். கடைகளில் கேரட் மீட்டர் என்று சொல்லும் எக்ஸ்ரே கருவி நவீனமானது, நகையைப் பொறுத்தவரை மிகவும் பயனுள்ளது. ஆனால் தங்கத்துக்குள் அதன் கதிர் தலைமுடியின் தடிமன் அளவுக்குக்கூடப் போய்த் திரும்புவதில்லை. வெளியே அரை மில்லிமீட்டர் அசல் தங்கம் இருந்தாலே அது 99.9 என்று காட்டிவிடும். காந்தம் இரும்பு போன்ற சில உலோகங்களை மட்டும் காட்டிக்கொடுக்கும், பித்தளை, செம்பு, ஈயம் எதையும் அது இழுக்காது, டங்ஸ்டனிடமும் வீட்டுக் காந்தம் எதையும் காட்டாது. இந்தக் கருவிகள் பொய் சொல்வதில்லை. மேற்பரப்பைப் பற்றிக் கேட்டால் மேற்பரப்பைப் பற்றிச் சரியாகச் சொல்கின்றன. உட்புறத்தைப் பற்றிச் சொன்னதாக எடுத்துக்கொள்வது நம் பிழை.

உட்புறத்தைப் பார்க்க மூன்று வழிகள் உண்டு. முதலாவது ஒலி அலைக் கருவி. தங்கத்தில் ஒலி நொடிக்குச் சுமார் 3,240 மீட்டர் வேகத்தில் போகும், டங்ஸ்டனில் 5,200 மீட்டர் அளவில் போகும். தங்கத்தின் வேகத்துக்குச் சரிசெய்த கருவியை 10 மில்லிமீட்டர் தடிமனுள்ள கட்டியின் மேல் வைத்தால், அசலாக இருந்தால் 10 என்றே காட்டும். உள்ளே பெரும்பகுதி டங்ஸ்டன் என்றால் 6 அல்லது 7 என்று காட்டும். டங்ஸ்டனைக் கம்பிகளாகச் செருகியிருக்கவும் வாய்ப்புண்டு என்பதால் ஓர் இடத்தில் மட்டும் வைத்துப் பார்க்கக் கூடாது. இரண்டாவது மின்கடத்துத் திறனை அளப்பது. தங்கம் டங்ஸ்டனைவிட இரண்டு மடங்குக்கு மேல் நன்றாக மின்சாரம் கடத்தும், அதனால் மெல்லிய பிஸ்கட்டுகளுக்கு இது ஏற்றது. மூன்றாவது பட்டறைக்காரரின் பழைய வழி, வெட்டுவது அல்லது உருக்குவது. தங்கம் மென்மையானது, உளிக்கு வழிவிடும். டங்ஸ்டன் கடினமானது, உடையும் தன்மை கொண்டது. உலையில் தங்கம் 1,064 டிகிரியில் உருகி ஓடும். டங்ஸ்டன் உருக 3,400 டிகிரிக்கு மேல் வேண்டும், எனவே அது கட்டியாகவே அடியில் கிடக்கும். உருக்கினால் முத்திரை அழியும், உலோகம் அழியாது. அறிமுகமில்லாதவரிடமிருந்து பெரிய கட்டி வாங்குவதென்றால் இந்த மூன்றில் ஒன்றாவது நடந்தே ஆக வேண்டும்.

முத்திரையை நம்பலாமே?

இவ்வளவு சிரமம் எதற்கு, புகழ்பெற்ற சுத்திகரிப்பு ஆலையின் முத்திரையும் வரிசை எண்ணும் சான்றிதழும் இருந்தால் போதாதா என்று கேட்கலாம். 2019 இல் ராய்ட்டர்ஸ் வெளியிட்ட செய்தி இதற்குப் பதில் சொல்கிறது. சுவிட்சர்லாந்தின் பெரிய ஆலைகளின் முத்திரையைப் போலியாகப் பொறித்த ஒரு கிலோ கட்டிகள் உலகச் சந்தைக்குள் நுழைந்து, பெரிய வங்கி ஒன்றின் பெட்டகம் வரை போயிருந்தன. விசித்திரம் என்னவென்றால் அவை தங்கம்தான், மிகச் சுத்தமான தங்கம். எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியாத தங்கத்துக்கு நல்ல பிறப்புச் சான்றிதழ் கொடுக்கவே முத்திரை திருடப்பட்டிருந்தது. வங்கிப் பெட்டகத்தையே கடந்த போலி முத்திரையை வீட்டு வெளிச்சத்தில் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்று நம்புவதற்கு இடமில்லை. வரிசை எண்ணும் அப்படித்தான். அசல் பிஸ்கட் ஒன்றின் எண்ணை நூறு போலி உறைகளில் அச்சிடலாம், ஒவ்வொன்றையும் சரிபார்த்தால் ‘எண் உண்மை’ என்றே வரும்.

நம் ஊர் வாசகர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நகைகளுக்கு 2021 ஜூனிலிருந்து ஹால்மார்க் படிப்படியாகக் கட்டாயமானது. 2023 ஏப்ரல் 1 முதல் ஆறு எழுத்தும் எண்ணும் கலந்த HUID இல்லாமல் ஹால்மார்க் நகையை விற்கக் கூடாது. அந்த எண்ணை BIS Care செயலியில் போட்டால் எந்தக் கடை, எந்த மையம், என்ன சுத்தம் என்று தெரியும். இந்தப் பழக்கத்தில் ‘ஹால்மார்க் இருக்கும்’ என்று தங்கக் கட்டிகளையும் நம்பிவிடுகிறோம். ஆனால் கட்டாய ஹால்மார்க் ஆணை நகைகளையும் தங்கக் கலைப்பொருள்களையும் மனதில் வைத்து எழுதப்பட்டது, கட்டிகளுக்கும் தகடுகளுக்கும் அது விலக்கு அளித்தது. நகை வாங்கும்போது நமக்குப் பின்னால் நிற்கும் ஏற்பாடு, தெரியாதவரிடம் பிஸ்கட் வாங்கும்போது நிற்பதில்லை. அங்கே முத்திரையின் மதிப்பு, அதை விற்றவரைத் திரும்பத் தேடிப் பிடிக்க முடியுமா என்பதைப் பொறுத்தது. நிரந்தரமான கடை, ஜிஎஸ்டி எண் உள்ள ரசீது, வங்கி வழிப் பணம் ஆகிய மூன்றும் இருந்தால் முத்திரைக்குப் பொருள் உண்டு.

சோதித்த பிறகும் ஏமாறுவது எப்படி?

ஏமாந்தவர்களில் பலர் சோதனை செய்யாதவர்கள் இல்லை. சோதித்தார்கள், அசல் என்று வந்தது, அதன் பிறகு ஏமாந்தார்கள். புதையல் மோசடியின் உயிர்நாடியே இதுதான். முதல் சந்திப்பில் இரண்டு மணிகளையோ சிறு துண்டையோ இலவசமாகக் கொடுத்து, நீங்களே எங்கு வேண்டுமானாலும் காட்டிப் பாருங்கள் என்பார்கள். அவை அசல் தங்கம். ஆசாரியும் அசல் என்றே சொல்வார். ஒரு வாரம் கழித்து மொத்தச் சரக்கு கைமாறும்போது பித்தளை வரும். பிஸ்கட் விஷயத்தில் விற்பவரே ஓரத்தில் சுரண்டித் தூள் கொடுப்பார், அல்லது சோதித்த பிஸ்கட்டை மீண்டும் பைக்குள் வைத்து, பணம் எண்ணும் சந்தடியில் வேறொன்றை நீட்டுவார். சில நேரம் சோதிக்கும் கடையையும் அவரே சொல்வார், அங்கே இருப்பவரும் அவர் ஆளாக இருப்பார்.

எனவே எந்தக் கருவி என்பதைவிட எந்த வரிசையில் நடக்கிறது என்பது முக்கியம். சோதிக்கும் பட்டறையை வாங்குபவர் தேர்ந்தெடுக்க வேண்டும், விற்பவருக்கு முன்கூட்டியே சொல்லவும் கூடாது. மாதிரி எதுவும் வேண்டாம், விலை கொடுக்கப் போகும் அதே கட்டி முழுவதும் அங்கே வர வேண்டும். எடை, நீர்ச் சோதனை, கேரட் மீட்டர், பிறகு ஒலி அலையோ வெட்டோ என்று அங்கேயே முடிய வேண்டும். சோதனை முடிந்த நொடியிலிருந்து அந்தக் கட்டி விற்பவரின் கைக்குத் திரும்பக் கூடாது. அது மேசை மேல் இருக்கும்போதே வங்கி வழியாகப் பணம் போக வேண்டும், அடையாள அட்டையின் நகலும் கையெழுத்திட்ட ரசீதும் வாங்கப்பட வேண்டும். இவற்றுக்கு முன் முன்பணம், டோக்கன், ‘விடுவிப்புக் கட்டணம்’ என்று எந்தப் பெயரிலும் ஒரு ரூபாய்கூடக் கைமாறக் கூடாது.

இப்படியெல்லாம் கேட்டால் எந்த விற்பவர் ஒத்துக்கொள்வார் என்பது கடைசி மறுப்பு. தங்கம் வைத்திருக்கும் நேர்மையான விற்பவர் ஒத்துக்கொள்வார், ஏனென்றால் அவர் நகைக்கடைக்குப் போனாலும் இதையேதான் செய்வார்கள். ஒத்துக்கொள்ளாதவர் தன் பொருளைப் பற்றிய சோதனை முடிவைத் தானே சொல்லிவிட்டார். வாய்ப்பு நழுவியதாக வருந்தவும் வேண்டாம். சந்தை விலையில் நல்ல தங்கம் நாளைக்கும் கிடைக்கும், அது தீர்ந்துபோகும் பொருள் இல்லை.

ஏற்கெனவே பணம் கொடுத்துவிட்டவர்கள் இணையம் அல்லது வங்கி வழியாகப் போன பணத்துக்கு உடனே 1930 என்ற எண்ணில் புகார் செய்ய வேண்டும். பணம் அடுத்த கணக்குக்குத் தாண்டும் முன் முடக்க முடிவது முதல் சில மணி நேரத்தில்தான். உரையாடல்களை அழிக்காமல், கட்டியை உருக்காமல், உறையோடு அப்படியே காவல்துறையிடம் ஒப்படைக்க வேண்டும். நஷ்டத்தை ஈடுகட்ட அந்தப் பிஸ்கட்டை வேறொருவர் தலையில் கட்டிவிடலாம் என்ற எண்ணம் வரும். போலி என்று தெரிந்த பிறகு விற்றால், அதுவரை பாதிக்கப்பட்டவராக இருந்தவர் அந்த விற்பனையோடு மோசடிக் குற்றவாளி ஆகிறார். முதலில் ஏமாற்றியவர் எதிர்பார்ப்பதும் அதைத்தான், ஏனென்றால் தானே குற்றம் செய்தவர் புகார் கொடுக்க வரமாட்டார்.